கை ஈரமாக இருக்கும்போது தமிழில் செய்தி எழுதுதல்: குரல்வழித் தட்டச்சுக்கு ஒரு வழிகாட்டி

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் அறுவடை பெரும்பாலும் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்கி, தழையை ஒடித்து, கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய், இயந்திரத்தில் சுழற்றிக் கழுவி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால்தான் சரக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேரும். அந்நேரம் முழுவதும் கை சேற்றிலோ தண்ணீரிலோதான் இருக்கும். எத்தனை மூட்டை வருகிறது, வண்டி எப்போது கிளம்புகிறது என்ற தகவலும் அதே நேரத்தில்தான் மண்டிக்குப் போக வேண்டியிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவதற்குள் இன்னொரு மூட்டை வந்து காத்திருக்கும்.

குரலைப் பதிவு செய்து அப்படியே அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டாருக்கு அது போதும். ஆனால் ஏலம் நடக்கும் மண்டியில், நாலாபக்கமும் கூச்சலாக இருக்கிற இடத்தில், பதிவைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. எழுத்தாக வந்தால் ஒரு பார்வையில் படித்துவிடலாம். மாத முடிவில் கணக்குப் பார்க்கும்போது தேடி எடுக்கவும் முடியும். அதனால்தான் பேசினால் எழுத்தாகும் வழியை இங்கே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியில், Gboard விசைப்பலகையும் வாட்ஸ்அப்பும் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியிருக்கிறேன். கூகுள் நிறுவனம் இந்த விசைப்பலகையின் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது 2017ஆம் ஆண்டில். ஆகவே ஓரளவு பழைய கைப்பேசியிலும் இதைச் செய்ய முடியும்.

கை காய்ந்திருக்கும்போதே செய்து முடிக்க வேண்டியவை

முதல் நாள் மாலையில், வீட்டில், வெளிச்சத்தில் உட்கார்ந்து இந்தப் பகுதியை முடித்துவிடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் அமைப்புகளைத் தேடத் தொடங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வாட்ஸ்அப்பில் யாராவது ஒருவருடைய உரையாடலைத் திறந்து, எழுதும் பெட்டியைத் தொடுங்கள். விசைப்பலகை மேலே வரும். எழுத்துகளுக்கு மேலே சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் பல்சக்கரம் போன்ற படத்தைத் தொட்டால் விசைப்பலகையின் அமைப்புகள் திறக்கும். அந்தப் படம் தெரியாவிட்டால், அதே வரிசையின் இடது ஓரத்தில் நான்கு சிறு கட்டங்கள் போலவோ புள்ளிகள் போலவோ இருப்பதைத் தொடுங்கள். பல்சக்கரம் அதற்குள் இருக்கும். அமைப்புகளில் Languages என்பதைத் தொட்டு, Add keyboard என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் தமிழைத் தேடுங்கள். தமிழுக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் இருக்கும். இந்தியா என்று இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் மொழியையே தமிழாக வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் தமிழில் தெரியும். ஆனால் வரிசை ஒன்றுதான்.

அடுத்து, அதே அமைப்புகளில் Voice typing என்ற பகுதிக்குள் போய், குரல்வழித் தட்டச்சுக்கான பொத்தான் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உரையாடலுக்குத் திரும்பி, இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்தில் உள்ள உலக உருண்டைப் படத்தைத் தொட்டு மொழியை மாற்றுங்கள். இடைவெளிப் பட்டையின் மேல் ‘தமிழ்’ என்று எழுதியிருந்தால் சரி. இனி விசைப்பலகையின் மேல் வரிசையில் வலது ஓரத்தில் இருக்கும் மைக் படத்தைத் தொடுங்கள். முதல் முறை தொடும்போது ஒலியைப் பதிவு செய்ய அனுமதி கேட்கும்; செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் அனுமதிப்பது என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இப்போது ஏதாவது ஒரு வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘இன்றைக்குக் காலையிலிருந்து நல்ல மழை பெய்கிறது’ என்று சொன்னால் அது தமிழில் விழ வேண்டும். அதற்குப் பதிலாகச் சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் வந்தால், உங்கள் உச்சரிப்பில் குறை என்று எண்ண வேண்டாம். விசைப்பலகை ஆங்கிலத்தில் நிற்கிறது என்பதே பொருள். அது தமிழ் ஒலிகளைக் கேட்டு, அவற்றுக்கு அண்மையான ஆங்கிலச் சொற்களைத் தேடிப் போட்டுக்கொண்டிருக்கிறது. உலக உருண்டையைத் தொட்டு மாற்றினால் சரியாகிவிடும். புதிதாகப் பழகுபவர்கள் ‘எனக்கு இது வரவில்லை’ என்று கைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பேச்சு படுகு மொழியில்தான் நடக்கும். தமிழ்க் குரல்வழித் தட்டச்சு அதை அறியாது. பக்கத்தில் நிற்பவரோடு படுகில் ஒரு வார்த்தை பேசினாலும், அதையும் தமிழாக்கப் பார்த்துச் செய்தியின் நடுவே ஏதாவதொன்றைச் செருகிவிடும். மைக் திறந்திருக்கும்போது அடுத்தவரோடு பேசாமல் இருப்பதே நல்லது.

இரண்டு மைக்குகள்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் திரையில் இரண்டு மைக் படங்கள் ஒரே நேரத்தில் தெரியும். ஒன்று எழுதும் பெட்டிக்கு வலப்பக்கத்தில், பச்சை வட்டத்துக்குள் இருப்பது. அது வாட்ஸ்அப்புக்குச் சொந்தமானது, உங்கள் குரலைக் குரலாகவே பதிவு செய்து அனுப்பும். மற்றது அதற்குக் கீழே, விசைப்பலகையின் மேல் வரிசையில் சிறியதாக இருப்பது; அது விசைப்பலகைக்குச் சொந்தமானது, உங்கள் பேச்சை எழுத்தாக்கும். நமக்கு வேண்டியது கீழே உள்ள சிறிய மைக்.

என் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒரு வாரம் முழுவதும் பச்சை வட்டத்தைத் தொட்டுவிட்டு, எழுத்து வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘அக்கா, வட்டத்துக்குள்ள இருக்கிறது வேண்டாம், அதுக்குக் கீழே எழுத்துக்கு மேலே குட்டியா ஒண்ணு இருக்கு பாருங்க’ என்று காட்டிய பிறகு அன்றே எழுதத் தொடங்கிவிட்டார். பெட்டிக்குள் ஓர் எழுத்தாவது விழுந்துவிட்டால் பச்சை வட்டத்திலுள்ள மைக் மறைந்து, அந்த இடத்தில் அனுப்பும் அம்புக்குறி வந்துவிடும். ஆகவே குழப்பம் வருவது தொடக்கத்தில் மட்டுந்தான்.

டவர் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்தல்

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. வாட்ஸ்அப்பில் டவர் இல்லாத நேரத்தில் ஒரு செய்தியை எழுதி அனுப்பினால், அதன் ஓரத்தில் கடிகாரப் படம் தோன்றும். டவர் வந்ததும் செய்தி தானாகப் போய்விடும். அதனால், டவர் இல்லாவிட்டாலும் பேசி வைத்துவிட்டால் பிறகு போய்விடும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் காத்திருந்து போவது எழுதி முடித்த செய்தி மட்டுமே. பேச்சை எழுத்தாக்கும் வேலையைக் கைப்பேசி இணையத்தின் வழியாகச் செய்கிறது என்றால், நீங்கள் பேசுகிற அந்த நொடியில் இணைப்பு இருந்தாக வேண்டும்.

உங்கள் கைப்பேசி எப்படிப்பட்டது என்று அறிவது எளிது. விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையும் நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, மைக்கைத் தொட்டுப் பேசிப் பாருங்கள். என் கைப்பேசியில் மைக் ஒரு நொடி விழித்துவிட்டு அணைந்துவிடுகிறது. ஒரு சொல்லும் விழுவதில்லை. உங்களுக்கும் அப்படியே நடந்தால், கழுவும் இடத்தில் எந்த மூலையில் இணைப்பு நிலையாக இருக்கிறது என்று முந்தின நாளே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்கு உள்ளே இல்லாத இணைப்பு, சரிவைப் பார்த்த வாசற்பக்கத்தில் இருப்பதுண்டு. நான்கு எட்டு தள்ளி வைத்தால் கிடைக்குமென்றால், கைப்பேசிக்கு அதுவே இடம்.

இணைப்பு பலவீனமாக இருக்கும்போது வரும் தவற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு. சொற்கள் நீங்கள் பேசப் பேச விழாமல், வெகுநேரம் ஒன்றும் வராமல் இருந்து திடீரென்று ஒரு கொத்தாக விழும். சில வேளைகளில் வாக்கியத்தின் பாதி காணாமலே போகும். அப்படி நடந்தால் மீண்டும் மீண்டும் சத்தமாகச் சொல்வதில் பயனில்லை. இடத்தை மாற்றுங்கள்.

கைப்பேசியை எங்கே, எப்படி வைப்பது

பெரும்பாலான கைப்பேசிகளில் பேசுவதற்கான மைக், கீழ் விளிம்பில் ஒரு குண்டூசித் துளை அளவில் இருக்கிறது. அந்த விளிம்பு உங்கள் வாயைப் பார்த்தபடி, மார்பு உயரத்தில், ஏதாவது மரப்பலகையிலோ அடுக்கிய மூட்டையின் மேலோ சாய்த்து வையுங்கள். வாய்க்கும் அதற்கும் இடையே ஒரு முழம் தூரத்துக்கு மேல் போனால், கழுவும் இயந்திரத்தின் இரைச்சலும் உங்கள் குரலும் அதற்கு ஒன்றாகிவிடும். பேசும்போது மட்டும் முகத்தை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோவது நல்லது. காற்று வீசும் திசைக்கு அந்த விளிம்பு நேராக இருக்கக் கூடாது; துளையில் காற்று மோதினால், கேட்பவருக்கு எப்படி ‘புர்’ என்று கேட்குமோ அப்படித்தான் கைப்பேசிக்கும் கேட்கும்.

தண்ணீர் தெறிக்கும் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பது நம்மில் வழக்கம். மெல்லிய பை என்றால் திரை தொடுதலை உணரும். ஆனால் பை அந்தத் துளையின் மேல் ஒட்டிக்கொண்டால் குரல் அமுங்கிவிடும். பையின் வாயைக் கீழ் விளிம்புப் பக்கம் வருமாறு திருப்பி, சற்றே திறந்து விடுங்கள். தடித்த ரப்பர் கையுறையோடு தொட்டால் பல கைப்பேசிகளுக்கு உணர்வே வராது. ஈர விரலால் தொட்டாலோ, திரையில் நிற்கும் நீர்த்துளியையும் ஒரு தொடுதலாக எடுத்துக்கொண்டு வேறெதையோ திறந்துவிடும். நான் மடக்கிய விரலின் மூட்டால் தொடுகிறேன். விரல் நுனி சேறாக இருந்தாலும் மூட்டின் மேற்புறம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும்.

ஒவ்வொரு முறையும் திரை அணைந்து, பூட்டைத் திறக்க வேண்டியிருந்தால் இத்தனையும் வீண். கைப்பேசி அமைப்புகளில் Display என்ற பகுதிக்குள் Screen timeout என்பது இருக்கும். வேலைக்கு முன் அதைப் பத்து நிமிடத்துக்கு மாற்றிக்கொண்டு, மண்டிக்காரருடைய உரையாடலைத் திறந்து, விசைப்பலகையையும் மேலே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது, மைக்குக்கு ஒரு தொடுதலும் அனுப்பும் அம்புக்குறிக்கு ஒரு தொடுதலும் மட்டுமே. வேலை முடிந்ததும் பழைய நேரத்துக்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதுவும் உறைபனிக் காலத்தில்.

பேசும் முறை

மைக்கைத் தொட்ட உடனே அது கேட்கத் தொடங்கிவிடுவதில்லை. அரை நொடியோ ஒரு நொடியோ பிடிக்கிறது. அதற்குள் சொன்னது அதன் காதில் விழாது. எனவே முதற்சொல் விழுங்கப்பட்டாலும் நட்டம் இல்லாத சொல்லாக இருக்கட்டும். ‘அண்ணா வணக்கம்’ என்று தொடங்குவது மரியாதைக்கும் ஆயிற்று, மைக் விழித்துக்கொள்வதற்கான நேரத்துக்கும் ஆயிற்று. எண்ணையோ பொருளின் பெயரையோ ஒருபோதும் முதற்சொல்லாக வைக்காதீர்கள்.

நிறுத்தற்குறிகளை நம்பிப் பேச வேண்டாம். என் கைப்பேசியில் ‘முற்றுப்புள்ளி’ என்று சொன்னால், புள்ளி வைக்காமல் அந்தச் சொல்லையே எழுதிவிடுகிறது. ஆனால் தமிழுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘இருக்கு’, ‘கிளம்பும்’, ‘வரும்’, ‘சொல்லுங்க’ என்று ஒரு வினைமுற்றில் முடித்தால், புள்ளி இல்லாமலே படிப்பவருக்கு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். மாறாக, ‘கேரட் முடிச்சிட்டு பீட்ரூட் ஏத்திட்டு வண்டி கிளம்பினதும்’ என்று எச்சமாகவே அடுக்கிக்கொண்டு போனால், புள்ளியில்லாத அந்த வரியை யாராலும் பிரித்துப் படிக்க முடியாது.

இன்னொன்று, இரண்டு மூன்று நொடி மௌனமாக இருந்தால், பேசி முடித்துவிட்டார் என்று எண்ணி மைக் அணைந்துவிடும். யோசித்து யோசித்துப் பேசினால் பாதியில் நின்றுவிடும். வாக்கியத்தை மனத்துக்குள் முழுவதுமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு மைக்கைத் தொடுங்கள். வேகம் இயல்பாகவே இருக்கட்டும். ஒவ்வோர் அசையாக உடைத்துச் சொல்வது அதற்கு உதவாது, தொல்லைதான். பேச்சின் ஓட்டத்தை வைத்துத்தான் அது சொல்லை ஊகிக்கிறது.

அந்த ஊகத்தைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். ‘மழை’ என்பதையும் ‘மலை’ என்பதையும் நம்மில் பலர் பேச்சில் தெளிவாகப் பிரித்துச் சொல்வதில்லை. கைப்பேசி, ஒலி எதற்கு நெருங்கியது என்று பார்ப்பதோடு, பக்கத்தில் வரும் சொற்களோடு எது பொருந்தும் என்றும் பார்த்தே எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ‘மழை’ என்று மட்டும் ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் தவறு நேரலாம். ‘மழை பெய்யுது, வண்டி மெதுவாத்தான் வரும்’ என்று சொன்னால் ‘பெய்யுது’ என்ற சொல்லே அதைச் சரியான இடத்தில் நிறுத்திவிடும். ‘விலை’, ‘விளை’ என்பவற்றுக்கும் இதுவே வழி. ‘இன்னைக்கு என்ன விலை போகுது’ என்று கேட்டால் தவறுவதில்லை. அதேபோல, ‘நாலு மணி’ என்பது மட்டும் ‘நாளு மணி’ என்று விழக்கூடும். ‘விடிகாலை நாலு மணிக்கு’ என்று சொன்னால் எழுத்தும் சரியாக வரும், காலையா மாலையா என்ற ஐயமும் இராது. தவறாக விழுந்த ஒரு சொல்லைத் திருத்தும்போதும் அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு மறுபடி சொல்லாமல், பக்கத்துச் சொல்லையும் சேர்த்து அழித்து, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊர்ப்பெயர்கள் வேறு வகை. பக்கத்துச் சொல்லின் துணையாலும் அவை தேறுவதில்லை. முத்தோரை பாலாடாவில் வண்டி நிற்கிறது என்று நான் சொன்னதை, பாலாடையில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறது. அதற்குத் தெரிந்த சொல் பாலாடைதான்; அதைக் குறை சொல்ல முடியாது. இப்படித் திரும்பத் திரும்பத் தவறும் பெயர்களை நான் சொல்வதை விட்டுவிட்டு, ‘சந்தைக்குப் பக்கத்துல நிக்குது’ என்பது போலப் பொதுச் சொற்களால் இடத்தைக் குறிக்கிறேன்.

எண்களில்தான் கவனம் வேண்டும்

எழுத்து மாறினால் படிப்பவர் திருத்திப் படித்துக்கொள்வார். எண் மாறினால் அவருக்கு அது தவறு என்றே தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் ஒருநாள் நான் மண்டிக்கு அனுப்ப எண்ணிய செய்தி இது: ‘அண்ணா வணக்கம். கேரட் பதினெட்டு மூட்டை இருக்கு. பீட்ரூட் ஆறு மூட்டை இருக்கு. வண்டி விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பும்.’ நான் ‘பதினெட்டு’ என்று சொல்லும் நேரத்தில் இயந்திரத்துக்குள் ஒரு மூட்டையைக் கொட்டினார்கள். கொட்டிய சத்தத்தில் சொல்லின் முன்பாதி அமுங்கிப்போய், திரையில் விழுந்தது இப்படி:

அண்ணா வணக்கம் கேரட் 8 மூட்டை இருக்கு பீட்ரூட் 6 மூட்டை இருக்கு வண்டி விடிகாலை 4 மணிக்கு கிளம்பும்

வரி முழுவதும் ஒழுங்காக இருந்தது. ஒரு சொல்லும் உறுத்தவில்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன். எட்டு மூட்டைதானே என்று அண்ணன் அதற்கேற்ற இடத்தை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். மீதிப் பத்து மூட்டை வாசலில் கிடந்து, ஏலத்தில் கடைசியாகத்தான் ஏறியது.

அன்றிலிருந்து செய்தியில் ஒரு வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டேன்: ‘ஆக மொத்தம் இருபத்து நாலு மூட்டை வருது.’ இப்போது கேரட் எட்டு என்று தவறாக விழுந்தால், எட்டும் ஆறும் பதினான்கு, ஆனால் மொத்தம் 24 என்று இருக்கிறது. எனக்கும் தெரிந்துவிடும், நான் கவனிக்காமல் விட்டாலும் மண்டியில் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அவர் உடனே கூப்பிட்டுக் கேட்பார். எண் சரியாக விழுந்ததா என்று ஈரக் கையோடு திரையை உற்றுப் பார்ப்பதைவிட, தவறு தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும்படி செய்தியை அமைப்பது மேல். ஒரே பொருளை மட்டும் அனுப்பும் நாளில், ‘பெரியது பத்து மூட்டை, சின்னது எட்டு மூட்டை, மொத்தம் பதினெட்டு’ என்று தரம் பிரித்துச் சொன்னால் இதே பாதுகாப்பு கிடைக்கும்.

எந்த எண்கள் ஏமாற்றும் என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. பதினெட்டு, பதினாறு முதலியவற்றில் ‘பதின்’ தேய்ந்தால் எட்டும் ஆறுமாக நிற்கும். எழுபதும் எண்பதும் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிக்கும். விலையில் தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் குழப்பம் வரலாம். ஐயம் வந்தால் எண்ணை இரண்டு விதமாகச் சொல்லுங்கள்: ‘எண்பது மூட்டை, நூறுக்கு இருபது குறைவு’ என்றால் இரண்டும் ஒருசேரத் தவறுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. எண் சில நேரம் 18 என்றும், சில நேரம் ‘பதினெட்டு’ என்று எழுத்தாகவும் விழும்; இரண்டில் எதுவானாலும் பொருட்படுத்த வேண்டாம்.

அனுப்பிய பிறகு தவறு கண்ணில் பட்டால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் திருத்த முடியும். செய்தியை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளிப் பட்டியலில் Edit என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதற்குள் அவர் பழைய எண்ணைப் படித்து, ஆட்களுக்குச் சொல்லியும் இருக்கலாம். எண்ணைத் திருத்தினால், ‘அண்ணா மேலே கேரட் கணக்கு மாத்தியிருக்கேன், பாருங்க’ என்று தனியாக ஒரு செய்தியும் போடுவதுதான் முறை.

கை சிறிதும் ஒழியாதபோது: குரல் உதவியாளர்

இதுவரை சொன்னதில் மைக்குக்கு ஒன்றும் அனுப்புவதற்கு ஒன்றுமாக இரண்டு தொடுதல்கள் தேவைப்பட்டன. மூட்டையின் வாயைப் பிடித்திருக்கும்போது அதுவும் முடியாது. அப்போதைக்குத்தான் குரல் உதவியாளர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் தொடங்கினால் தடுமாற்றம் வரும். குரல்வழித் தட்டச்சு நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் எழுதும். ‘அனுப்பு’ என்றால் ‘அனுப்பு’ என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். குரல் உதவியாளர் நீங்கள் சொல்வதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ‘அனுப்பு’ என்றால் அனுப்பும்.

கைப்பேசிக்கு ஏற்பக் கூகுள் அசிஸ்டன்ட் அல்லது ஜெமினி இருக்கும். அதன் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியைத் தொடாமல் எழுப்புவதற்கான Hey Google என்ற அமைப்பு உங்கள் கைப்பேசியில் தெரிந்தால், அதை இயக்கி, அது கேட்கிறபடி உங்கள் குரலைச் சில முறை பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டின் அமைதியில் அது எழுந்துகொள்ளும். கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான்கு முறை கூப்பிட்டாலும் எழாத நாள்கள் உண்டு. அதற்கு, பேச்சு மைக் உள்ள இயர்போனின் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து எழுப்புவது நம்பகமான வழி. பொத்தான் சட்டைக் கழுத்துக்குப் பக்கத்தில் தொங்கும் கம்பி இயர்போன் என்றால், மணிக்கட்டின் பின்புறத்தால் நெஞ்சோடு சேர்த்து அழுத்திவிடலாம்.

அது எழுந்த பிறகு, ‘மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பு’ என்று சொல்லுங்கள். என்ன செய்தி என்று கேட்கும். செய்தியைச் சொன்னதும், தான் புரிந்துகொண்டதைக் காட்டி அனுப்பலாமா என்று கேட்கும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். திரும்பச் சொல்கிற எண்களைக் காதில் வாங்கி, மொத்தம் ஒத்துப்போகிறதா என்று கணக்குப் பார்த்த பிறகே ‘அனுப்பு’ என்று சொல்லுங்கள். திரை பூட்டியிருந்தால் அனுப்புவதற்கு முன் பூட்டைத் திறக்கச் சொல்லலாம். அதனால் இங்கும் முன்பு சொன்ன பத்து நிமிட ஏற்பாடு உதவும். வாட்ஸ்அப்பை விட்டுச் சாதாரண எஸ்எம்எஸ்ஸாக அனுப்புவதாக இருந்தால், தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் கொள்ளும் என்பதையும், அதில் ‘கொ’ போன்ற உயிர்மெய் இரண்டாகக் கணக்கிடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீளமான செய்தி இரண்டு மூன்றாக எண்ணப்படும்.

உதவியாளர் பெயரில்தான் அதிகம் தடுக்கி விழும். உங்கள் தொடர்புகளில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால், ஒவ்வொரு முறையும் யாருக்கு என்று கேட்டு நிற்கும். சில நேரம் தவறான ஆளையே எடுத்துக்கொள்ளும். ஆகவே, அடிக்கடி செய்தி அனுப்பும் மூன்று நான்கு பேரை மட்டுமாவது, எளிதில் பிடிபடுகிற இரண்டு சொற்களால் ஆன பெயரில் சேமித்து வையுங்கள். ‘மேட்டுப்பாளையம் மண்டி’, ‘லாரி தம்பி’, ‘உரக்கடை அண்ணன்’ என்பவை என் கைப்பேசியில் உள்ளவை. தமிழ் எழுத்தில் சேமித்தபோது எனக்கு நன்றாகப் பிடித்தது. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதே பெயரை ஆங்கில எழுத்தில் சேமித்து இன்னொரு முறை பாருங்கள். கூப்பிட்டுப் பார்க்கும் சோதனையை மண்டிக்காரரிடம் செய்யாமல், வீட்டில் உள்ள ஒருவரின் எண்ணை அப்படிச் சேமித்துச் செய்யுங்கள்.

வங்கிக் கணக்கு எண், ஓடிபி, கடவுச்சொல் ஆகியவற்றை இந்த இரண்டு வழியிலும் சொல்ல வேண்டாம். கழுவும் இடத்தில் சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். பேசியது எழுத்தாவதற்கு இணையத்தின் வழியாக வெளியே போகவும் செய்கிறது. மண்டிக்காரர் பணம் போட எண் கேட்டால், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, இலக்கம் இலக்கமாகப் பார்த்துத் தட்டி அனுப்புங்கள். அந்த ஒரு செய்திக்கு வண்டி கிளம்பும்வரை காத்திருக்கலாம்.